பூத்த மூடி

ஸ்டூலில் ஏறி நின்ற சுடலைமுத்து அந்த பாட்டிலைப் பார்த்தபோது, அவன் வலது கை அதற்குப் பக்கத்து பாட்டிலைப் பிடித்திருந்தது.

மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம். காலை பத்தரைக்கே வேதியியல் ஸ்டோர் ரூம் அடுப்படி மாதிரி இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி இந்தக் கல்லூரிக்குள்ளும் வந்துபோனது. ஸ்டோர் ரூமில் இடுப்பளவு தண்ணீர். கீழ் இரண்டு தட்டுகளில் இருந்ததைப் பொங்கலுக்கு முன்பே கணக்கெடுத்து அப்புறப்படுத்திவிட்டார்கள். மேல் தட்டை மட்டும் யாரும் தொடவில்லை. நனையாததற்கு என்ன அவசரம் என்று விட்டது, ஜூனில் ஆய்வுக்குழு வருகிறது என்றதும் இன்றைக்கு அவன் தலையில் வந்து நின்றது.

முன்வரிசையில் சோடியம் அசிடேட், பேரியம் குளோரைடு, பழைய ஃபெரிக் ஆலம். அவற்றுக்குப் பின்னால் சுவரை ஒட்டி அது இருந்தது. பழுப்புக் கண்ணாடி, அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். கருப்புத் திருகு மூடி. லேபிள் இருந்த இடத்தில் பசையின் கறை மட்டும் சதுரமாகத் தெரிந்தது. காகிதத்தை ராமபாணப் பூச்சி தின்றிருக்க வேண்டும்.

மூடிக்கும் கழுத்துக்கும் நடுவே, திருகுமரை வழியாக, மஞ்சளாக ஏதோ பூத்திருந்தது. பனங்கற்கண்டு விளைந்த பானையின் விளிம்பில் சின்னச் சின்னப் பட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி. ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் பளபளத்தது. தோள்பட்டையில் கொஞ்சம் வழிந்து, அங்கேயே காய்ந்திருந்தது.

"துணி நனைச்சாச்சுப்பா, தட்டைத் தொடைச்சிரட்டா?" என்று கீழே இருந்து இசக்கியக்கா கேட்டாள்.

"அக்கா, நில்லுங்க. தட்டுல கை வைக்காதிய."

அவன் பிடித்திருந்த பாட்டிலின் வயிறு அந்தப் பாட்டிலின் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. இழுத்தால் இரண்டும் உரசும். சுடலைமுத்து இழுக்கவில்லை. முதலில் சுண்டுவிரல், அப்புறம் மோதிரவிரல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தான். கட்டைவிரலை எடுக்கும்போது பாட்டில் ஆடுமோ என்று பயந்தான். ஆடவில்லை. உள்ளங்கை வியர்வை கண்ணாடியில் கொஞ்ச நேரம் படிந்திருந்து காய்ந்தது. தட்டில் கை ஊன்றாமல், சுவரைப் பிடித்து ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

அப்போதுதான் தரை அதிர்வது அவனுக்குத் தெரிந்தது. சத்தம் முன்பே கேட்டுக்கொண்டுதான் இருந்தது, காதில் ஏறவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் வகுப்பறையில் புது போர்டு மாட்டுவதற்கு இரண்டு பையன்கள் டிரில்லிங் மெஷின் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே சுவரில்தான் இந்த அலமாரியும் ஆணியடித்து நிற்கிறது.

"அக்கா, துணியை அப்படியே போட்டுட்டு வெளிய வாங்க. ஓட வேண்டாம். பைய நடந்து வாங்க."

"என்னய்யா, பாம்பா?"

"பாம்புன்னே வச்சுக்கோங்க."

அந்தக் கதவு மழைக்கு ஊதிப்போனதிலிருந்து காலால் உதைத்தால்தான் மூடும். இன்றைக்கு அவன் அதைத் தொடாமல் திறந்தே விட்டான். பக்கத்து அறைக்குப் போய், மெஷின்காரப் பையனின் கண்ணில் படுகிற மாதிரி எதிரே நின்று கையைக் காட்டினான். மெஷின் நின்றது. இன்னும் நாலு ஓட்டைதான் அண்ணே என்றான் பையன். "தம்பி, மெஷினை இங்கனயே வச்சுட்டு எங்கூட வாங்க, வெளிய டீ வாங்கித் தாரேன்" என்றான் சுடலைமுத்து. தன் குரல் சாதாரணமாக இருந்தது அவனுக்கே ஆச்சரியம்தான்.

நடைபாதையின் இரண்டு முனையிலும் பெஞ்சைக் குறுக்கே போட்டு, 'உள்ளே போகாதீர்கள், எதையும் தொடாதீர்கள்' என்று சாக்பீஸால் தரையில் பெரிதாக எழுதினான். இசக்கியக்காவை ஒரு முனையில் நிறுத்திவிட்டு மாடிக்குப் போய், அங்கே பேப்பர் திருத்திக்கொண்டிருந்த மூன்று பேரையும் இறக்கிக் கூட்டிவந்தான். அதன் பிறகுதான் வேப்பமரத்தடிக்கு வந்து போனை எடுத்தான்.

அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம். 2015-இல் தற்காலிகமாகச் சேர்ந்தபோது அண்ணாச்சி முதல் வாரத்தில் சொன்னது அது: பேர் இல்லாத பாட்டிலை மோந்து பாக்காத, மூடியில பூத்த பாட்டிலைத் திருகாத, ரெண்டும் சேந்து இருந்தா அங்கன நிக்கவே நிக்காத. மூன்று வருடம் கூடவே இருந்து கற்றுக்கொடுத்துவிட்டு, 2018-இல் அண்ணாச்சி ஓய்வுபெற்றுச் சேரன்மகாதேவிக்குப் போய்விட்டார்.

துறைத்தலைவர் மேடத்துக்கு முதலில் சொன்னான். அவர் திருச்செந்தூரில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார், "வெளிய வந்துட்டீங்கல்ல? யாரையும் விடாதீங்க, நான் கிளம்புறேன்" என்றார். அடுத்து அண்ணாச்சி.

"சொல்லுலே சுடல, நல்லாருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி. மேல் தட்டுல சுவரோரமா ஒரு பழுப்பு பாட்டில், லேபிள் இல்ல. என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"மூடி என்ன மூடி?"

"கருப்பு. திருகு மூடி. சுத்தி மஞ்சளாப் பூத்திருக்கு."

அந்தப் பக்கம் பேச்சில்லை. பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது, அதுவும் நின்றது.

"தொட்டியாலே?"

"இல்ல. பக்கத்து பாட்டிலைப் பிடிச்சேன், விட்டுட்டேன்."

"இப்ப எங்க நிக்க?"

"வேப்பமரத்தடியில."

"அங்கனயே நில்லு. அது பிக்ரிக் ஆசிட்டாத்தான் இருக்கும்லே. முன்ன நாப்தலீனுக்கு டெரிவேட்டிவ் செய்ய வாங்குனது. ஆல்கஹால்ல ரெண்டையும் கரைச்சுச் சேத்தா மஞ்ச மஞ்சளா ஊசி ஊசியா விழும். பிள்ளைய விரல் எல்லாம் ஒரு வாரத்துக்கு மஞ்சளாத்தான் திரியும்." அவர் குரல் தாழ்ந்தது. "அதைத் தண்ணிக்குள்ளதான் வைக்கணும். ஈரம் இருக்க வரைக்கும் சாது. காஞ்சுட்டா உரசினாலே போதும். ஒவ்வொரு ஜூனும் காலேஜ் தொறந்த அன்னைக்கு மொத வேலையா அதைத்தான் பாப்பேன். தண்ணி குறைஞ்சிருந்தா ஊத்தி வைப்பேன், மரையைத் தொடைச்சு மூடுவேன். செடிக்கு ஊத்துத மாதிரி."

"எனக்குச் சொல்லலியே அண்ணாச்சி."

"சொல்லலை. கடைசி ரெண்டு வருசம் மூட்டு வலியில ஸ்டூல்ல ஏறவே இல்ல. அதோட மறந்துட்டேன்." மூச்சு வாங்கினார். "நான் வாரேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அலுவலக சூப்பிரண்ட் சார் வந்தார். சாக்பீஸ் எழுத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு பாட்டிலுக்கா இவ்வளவு? ஒரு வாளித் தண்ணியில போட்டு ஆத்துல விட்டுற வேண்டியதுதானே" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. வெள்ளத்தின்போது சர்வீஸ் ரெஜிஸ்டர்களைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றியவர். போலீஸ் வந்தால் பேப்பரில் வரும், ஆய்வுக்குழு பார்க்கும் என்பதுதான் அவர் கவலை.

"சார், வாளியில போட அதை எடுக்கணும். எடுக்கதுதான் ஆபத்து" என்றான் சுடலைமுத்து. "முதல் உலகப் போர்ல குண்டுக்குள்ள நிரப்புன சரக்கு அது. அதுவா இல்லையான்னு தொறந்து பாத்தாத்தான் தெரியும், தொறக்க முடியாது. தொறக்கத் தெரிஞ்சவங்கதான் வரணும்."

"நீ சொல்லுதது தப்பா இருந்தா?"

"தப்பா இருக்கட்டும் சார். சந்தோஷமா மன்னிப்புக் கேக்கேன்."

சூப்பிரண்ட் சார் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அப்புறம் அவரே முதல்வருக்குப் போன் போட்டார். 112-க்குச் சுடலைமுத்து பேசினான். என்ன பார்த்தோம், எங்கே இருக்கிறது, யாரும் தொடவில்லை, கட்டடம் காலி, என்னவென்று உறுதியாகத் தெரியாது என்று வரிசையாகச் சொன்னான். சந்தேகப்படுகிற பெயரைக் கடைசியில் சொன்னான்.

தீயணைப்பு வண்டி முதலில் வந்தது. அவர்கள் வாசலோடு நின்று பார்த்துவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி, கேட் வரைக்கும் எல்லோரையும் நகர்த்தினார்கள். போலீஸின் வெடிகுண்டுப் பிரிவு வரும்போது மணி இரண்டு. அதிகாரி சுடலைமுத்துவை உட்காரவைத்து, ஒரு தாளில் அலமாரியை வரையச் சொன்னார். எந்த பாட்டில் எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதை இரண்டு தடவை கேட்டார். கனத்த உடையும் தலைக்கவசமும் போட்ட ஒருவர் உள்ளே போனார். அவர் வெளியே வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் இசக்கியக்கா மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுடலைமுத்துவுக்கு யாரைக் கூப்பிடுவதென்று தோன்றவில்லை. பக்கத்து பாட்டிலைக் காலையில் இழுத்திருந்தால் என்று ஒரே நினைப்பு, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மணல் நிரப்பிய பெட்டியில் வைத்து, ஊருக்கு வெளியே தரிசில் குழி வெட்டி, சின்ன வெடி வைத்து அழித்தார்கள். சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் எழுந்தன.

"நீ சொன்னதாத்தான் இருக்கும். ஆனா எங்க வெடி எவ்வளவு, அதோட வெடி எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது தம்பி" என்றார் அதிகாரி. பிறகு, "யார் முதல்ல பாத்தது?" என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொண்டார்.

அண்ணாச்சி நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் மஞ்சள் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். நேராகச் சுடலைமுத்துவிடம் வந்து அவன் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எச்சில் விழுங்குவது மட்டும் தெரிந்தது.

"ஒண்ணும் ஆகலை அண்ணாச்சி."

"நீ வீட்டுக்குப் போகணுமா?"

"இல்ல."

உள்ளே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மேல் தட்டில் தூசிக்கு நடுவே வட்டமாக ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலை இழுத்து வாசலோரம் போட்டு உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து நூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். வரும் வழியில் வாங்கியிருக்கிறார், விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"என் தலைக்குள்ள இருக்கதை எல்லாம் எழுதிக்க. அந்தக் கோடியில இருந்து ஆரம்பி. ரெண்டு ஈதர் பாட்டில் இருக்கும், அதைத்தான் முதல்ல பாக்கணும். பக்கத்துல போகாத, இங்கன இருந்தே பாத்துச் சொல்லு. எந்த வருசம் தொறந்ததுன்னு மேல எழுதியிருக்கா?"

சுடலைமுத்து வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தான்.

"தெரியல அண்ணாச்சி. லேபிள் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கு."

"அப்ப அவங்க வண்டி போயிருச்சான்னு ஓடிப்போய்ப் பாரு."