இயந்திரக் கற்றலுக்கான கணித வழிவரைபடம்: எதற்கு முன் எதைப் படிப்பது

மதுரையில் ஞாயிறுதோறும் கூடும் நம் வாசிப்பு வட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டாமாண்டு பொறியியல், அறிவியல் மாணவர்களுக்காக இந்த வரைபடம் எழுதப்பட்டுள்ளது. நீங்கள் யாரும் பூச்சியத்திலிருந்து தொடங்கவில்லை. தமிழ்நாடு மேல்நிலைக் கணிதப் பாடநூல்களிலேயே அணிகள், வெக்டர் இயற்கணிதம், பகுதி வகைக்கெழு, பேயிஸ் தேற்றம், நிகழ்தகவுப் பரவல்கள் ஆகியவற்றைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அவற்றில் எது எங்கே பயன்படுகிறது, புதிதாக எதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், எதை அச்சமின்றித் தள்ளிப்போடலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

கணிதம் முழுவதையும் முடித்த பிறகே இயந்திரக் கற்றலைத் தொட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நேரியல் இயற்கணித நூலை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் பலர், அணிக்கோவைகளை விரித்து விரித்துச் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். அணிக்கோவையோ இயந்திரக் கற்றலில் வெகு தாமதமாகத்தான் தேவைப்படுகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் கட்டாயமான முன்தேவைகள் மிகச் சிலவே. அவற்றை ஆழமாகப் படித்துவிட்டு உடனே அந்தத் தலைப்புக்குள் நுழைவதே நம் வழி. கீழே அம்புக்குறியின் இடப்புறம் கணிதமும் வலப்புறம் அது திறந்துவிடும் தலைப்பும் உள்ளன.

```
தொலைவு, புள்ளிப் பெருக்கம், சராசரி     → கே-நியரஸ்ட், கே-மீன்ஸ்
மடக்கை, சார்புநிலை நிகழ்தகவு          → முடிவு மரம், நைவ் பேயிஸ்
அணிப் பெருக்கம், அணித்தரம், கிரேடியன்ட் → லீனியர் ரிக்ரஷன்
மேக்ஸிமம் லைக்லிஹுட், சங்கிலி விதி     → லாஜிஸ்டிக் ரிக்ரஷன்
கோவேரியன்ஸ், ஐகன் மதிப்பு             → பிசிஏ, ரிட்ஜ்
ஜகோபியன் அணி                        → நரம்பு வலையமைப்பு
லக்ராஞ்ச் பெருக்கி                     → சப்போர்ட் வெக்டர் மெஷின்
பலமாறி இயல்நிலைப் பரவல், அணிக்கோவை → காஸியன் கலவை மாதிரி
```

முதல் இரண்டு வரிகளுக்கு நுண்கணிதமே வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். முடிவு மரம், 1948இல் ஷானன் வரையறுத்த என்ட்ரோபியைக் கொண்டு எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தீர்மானிக்கிறது. மடக்கையும் விகிதமும் தெரிந்தால் அதைக் கையாலேயே கணக்கிடலாம். நைவ் பேயிஸுக்குப் பேயிஸ் தேற்றமும், சார்பற்ற நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைப் பெருக்கலாம் என்ற விதியும் போதும். ஆனால் இங்கேயே மடக்கையின் அருமையும் தெரியவரும். ஒரு மின்னஞ்சலில் 200 சொற்கள் இருந்து, ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 0.01 என்றால், பெருக்கற்பலன் 10-இன் அடுக்கு −400 ஆகிறது. கணினியின் 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஏறத்தாழ 5×10⁻³²⁴ என்ற எல்லைக்குக் கீழே இறங்க முடியாது என்பதால் விடை பூச்சியமாகிவிடும். இயல் மடக்கை எடுத்துக் கூட்டினால் அதே விடை −921 என்ற சாதாரண எண்ணாக வந்து நிற்கும். பெருக்கலைக் கூட்டலாக்கும் இந்த உத்தி, பின்னால் லைக்லிஹுட் வரும் இடங்களிலெல்லாம் திரும்பத் திரும்ப வரும் என்பதால் இப்போதே கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வரியில் நிதானமாக நடக்க வேண்டும். இந்த வரைபடத்திலேயே அதிக நேரம் செலவிடத் தகுந்த இடம் லீனியர் ரிக்ரஷன்தான் என்பது என் உறுதியான கருத்து. நேரியல் இயற்கணிதமும் நுண்கணிதமும் முதன்முறையாக ஒன்றுசேர்வது இங்கேதான். நாற்பது வீட்டு மனைகளின் விலையை, பரப்பையும் சாலையிலிருந்து உள்ள தூரத்தையும் கொண்டு கணிப்பதாக வைத்துக்கொள்வோம். மாறிலிக்கான ஒன்றுகளின் நிரலையும் சேர்த்தால் X என்பது 40×3 அணி. கெழுக்களின் வெக்டரான w என்பது 3×1. விலைகளின் வெக்டரான y என்பது 40×1. பிழையின் வர்க்கச் சராசரியை w-ஐப் பொறுத்து வகையிட்டால் கிடைக்கும் கிரேடியன்ட் இது:

```
(2/40) * X.T @ (X @ w - y)
```

இதை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. X.T என்பது 3×40, அடைப்புக்குறிக்குள் இருப்பது 40×1, ஆகவே பலன் 3×1, அதாவது w-இன் அதே அளவு. இப்படி ஒவ்வொரு வரியிலும் அணிகளின் அளவைச் சரிபார்த்துக்கொண்டே போகும் பழக்கம் வந்துவிட்டால், பின்னால் நரம்பு வலையமைப்பில் வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றை இயக்கிப் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அணித்தரத்தை ஏன் இதற்கு முன் படிக்கச் சொல்கிறேன் என்பதற்கும் இதே எடுத்துக்காட்டு போதும். தரவைச் சேகரித்தவர் பரப்பைச் சென்ட்டில் ஒரு நிரலாகவும் சதுர அடியில் இன்னொரு நிரலாகவும் கொடுத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இரண்டாவது நிரல் முதல் நிரலின் மடங்கே தவிர வேறு புதிய செய்தியல்ல. நிரல்கள் நான்கானாலும் அணித்தரம் மூன்றிலேயே நிற்கும். கிரேடியன்ட்டைப் பூச்சியமாக்கி w-ஐத் தீர்க்க வேண்டிய XᵀX அணிக்கு நேர்மாறு இருக்காது. சென்ட்டின் கெழுவைக் கூட்டிச் சதுர அடியின் கெழுவை அதற்கேற்பக் குறைத்தால் அதே கணிப்பு வரும் என்பதால் விடைகள் எண்ணற்றவை. நேரியல் சார்பின்மை என்ற வரையறை தேர்வுத்தாளில் உயிரற்றுக் கிடந்தாலும், இங்கே அது ஒரு மாதிரி ஏன் பொருளற்ற கெழுக்களைத் தருகிறது என்பதற்கான நேரடி விளக்கமாகிவிடுகிறது.

இதே கதையின் தொடர்ச்சிதான் ரிட்ஜ். XᵀX-உடன் λI-ஐக் கூட்டினால் ஒவ்வொரு ஐகன் மதிப்பும் λ அளவு உயர்கிறது. பூச்சியமாக இருந்ததும் λ ஆகிவிடுவதால் நேர்மாறு பிறக்கிறது. ஆகவே ரிட்ஜைப் படிக்கும் முன் சமச்சீர் அணிகளின் ஐகன் மதிப்புகளை முடித்துவிடுங்கள். பொதுவான அணிகளின் ஐகன் மதிப்பு, கலப்பெண் தீர்வுகள் ஆகியவற்றுக்கு இப்போது வேலையில்லை; நாம் சந்திப்பவை பெரும்பாலும் கோவேரியன்ஸ் அணியும், இரண்டாம் பகுதி வகைக்கெழுக்களால் ஆன ஹெஸியன் அணியும், இரண்டும் சமச்சீரானவை. கிரேடியன்ட்டின் எதிர்த்திசையில் படிப்படியாக இறங்கும் கிரேடியன்ட் டிசென்ட்டில், படியின் அளவைத் தீர்மானிக்கும் கற்றல் வீதம் எவ்வளவு பெரிதாகலாம் என்ற கேள்விக்கும் விடை இங்கேயே உள்ளது: இருபடிச் சார்பொன்றில் அந்த வீதம், ஹெஸியனின் மிகப் பெரிய ஐகன் மதிப்பால் 2-ஐ வகுத்து வரும் எண்ணைத் தாண்டினால் படிகள் குவியாமல் சிதறும். தரவின் பரிமாணங்களைக் குறைக்கும் பிசிஏவை 1901இல் கார்ல் பியர்சனும் பின்னர் 1933இல் ஹோட்டலிங்கும் உருவாக்கினர். அதற்குத் தேவை கோவேரியன்ஸ் அணி, ஐகன் வெக்டர், அதன்பின் ஒற்றை மதிப்புச் சிதைவு. மகலனோபிஸ் 1936இல் தந்த தொலைவு அளவையையும் இந்த இடத்திலேயே படித்துவிடலாம், ஏனெனில் அதில் இருப்பதும் கோவேரியன்ஸ் அணியின் நேர்மாறே.

லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்குள் நுழையும் முன் நிகழ்தகவில் ஒரே ஒரு புதிய கருத்து வேண்டும், அது கண்ட தரவின் நிகழ்தகவை மிகப் பெரிதாக்கும் மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் மேக்ஸிமம் லைக்லிஹுட். நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஏழு தலை விழுந்தால் p-இன் மதிப்பீடு ஏன் 0.7 என்பதை வகையிட்டு நிறுவ முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நீங்கள் தயார். கிராஸ்-என்ட்ரோபி இழப்பு என்பது அதே கணக்கின் எதிர்க்குறி மடக்கைதான். முடியவில்லையென்றால் பெர்னோலி பரவலுக்கும் கணித எதிர்பார்ப்புக்கும் திரும்பிச் சென்று ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தாவியவர்களுக்கு அந்த இழப்புச் சார்பு எங்கிருந்து வந்தது என்பது கடைசிவரை புரிவதில்லை.

நரம்பு வலையமைப்புக்கு வேண்டியது சங்கிலி விதிதான், ஆனால் வெக்டர்களுக்கான சங்கிலி விதி. ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் 1986இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலான பேக்ப்ராபகேஷன், பகுதி வகைக்கெழுக்களை அடுக்கிய ஜகோபியன் அணிகளை எந்த வரிசையில் பெருக்குவது என்ற கேள்விக்கான விடையே. ஒவ்வோர் அடுக்கிலும் ஆயிரம் அலகுகள் இருந்தால், இரண்டு ஜகோபியன்களை ஒன்றோடொன்று பெருக்க நூறு கோடிப் பெருக்கல்கள் ஆகும். இழப்பு ஒற்றை எண் என்பதால் அதன் முனையிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு படியும் வெக்டரும் அணியும் பெருகுவதாகச் சுருங்கிப் பத்து லட்சத்தில் முடிகிறது. சிக்மாய்டின் வகைக்கெழு σ(1−σ) ஒருபோதும் 0.25ஐத் தாண்டாது என்பதையும் இங்கே நிறுவிப் பாருங்கள். பத்து அடுக்குகளில் இந்தக் காரணி மட்டுமே பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடுவதால், ஆழமான வலைகளின் முதல் அடுக்குகள் ஏன் கற்க மறுத்தன என்பது விளங்கும்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பெரிய புதிய கணிதம் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அணிப் பெருக்கம், சாஃப்ட்மேக்ஸ், பரவற்படி ஆகிய மூன்றும் சரியாகத் தெரிந்தால் 2017இல் வந்த அந்த அமைப்பின் மையச் சூத்திரத்தைப் படித்துவிடலாம். புள்ளிப் பெருக்கத்தை ஏன் √d-ஆல் வகுக்கிறார்கள்? ஒன்றையொன்று சாராத, சராசரி 0, பரவற்படி 1 கொண்ட d உறுப்புகளால் ஆன இரு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கத்துக்குப் பரவற்படி d ஆகும். d = 64 எனில் திட்டவிலக்கம் 8. இரு புள்ளிப் பெருக்கங்களின் மதிப்புகளுக்கிடையே 8 வேறுபாடு இருந்தால், அவற்றை e-இன் அடுக்குகளாக்கி எடை தரும் சாஃப்ட்மேக்ஸ் ஒன்றுக்கு மற்றொன்றைப்போல் ஏறத்தாழ 2981 மடங்கு எடையைக் கொடுத்துவிடும், கிரேடியன்ட்டும் மங்கிவிடும். 8-ஆல் வகுத்தபின் அந்த மடங்கு 2.7 மட்டுமே. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பரவற்படியின் பண்புகளே இங்கே முழு வேலையையும் செய்கின்றன.

மீதமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சப்போர்ட் வெக்டர் மெஷினுக்குப் புள்ளியிலிருந்து தளத்துக்கான தொலைவும் லக்ராஞ்ச் பெருக்கியும் வேண்டும். காஸியன் கலவை மாதிரியில்தான் அணிக்கோவை உண்மையாகத் தேவைப்படுகிறது. தொகை நுண்கணிதத்தை நிகழ்தகவு அடர்த்திச் சார்பின் கீழுள்ள பரப்பு என்ற அளவுக்கு மேல், வேரியேஷனல் ஆட்டோஎன்கோடர் வரும்வரை தள்ளிவைக்கலாம். வலுவூட்டல் கற்றல் விரும்புவோர் மார்க்கோவ் சங்கிலியையும் முடிவிலிப் பெருக்குத் தொடரின் கூடுதலையும் முதலில் படிக்கவும்.

முதல் நான்கு ஞாயிறுகளில் அணிப் பெருக்கமும் அணித்தரமும், பிறகு பகுதி வகைக்கெழுவும் கிரேடியன்ட்டும், மூன்றாவது வாரம் லீனியர் ரிக்ரஷன், நான்காவது வாரம் மேக்ஸிமம் லைக்லிஹுட் என்று செல்வோம். முதல் கூட்டத்துக்கு வரும்போது மேலே உள்ள கிரேடியன்ட்டை, 40-க்குப் பதில் 2 என்று வைத்து, இரண்டே மனைகள், இரண்டே கெழுக்கள் கொண்ட சிறு எடுத்துக்காட்டுக்குத் தாளில் விரித்து எழுதி, பகுதி வகைக்கெழுக்களைத் தனித்தனியாகக் கண்டு, இரண்டும் ஒத்துப்போவதைச் சரிபார்த்துக் கொண்டுவாருங்கள்.