நட்டஈட்டுத் தீர்வு முன்மொழிவு: உரிமைக்குப் பங்கமின்றி

உரிமைக்கோரல் பிரிவு, மட்டக்களப்பு
2025 செப்டெம்பர் 15

களுதாவளையில் வசிக்கும் காலஞ்சென்றவரின் மனைவிக்கு

அம்மா,

2025 மார்ச் 11ஆம் திகதி மாலை செட்டிபாளையத்தில் எங்களிடம் காப்புறுதி செய்யப்பட்ட டிப்பர் மோதியதில் உங்கள் கணவர் காலமானது தொடர்பாக இதை எழுதுகிறோம். உங்கள் இழப்பை ஒரு தொகையால் ஈடுசெய்ய முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் தொகை எப்படி வந்தது என்று உங்களுக்கு ஒளிவுமறைவின்றித் தெரிய வேண்டும்.

முதலில் வருமானம். மேசன் வேலைக்கு நாளொன்றுக்கு 4,500 ரூபா என்று கொந்தராத்துக்காரர் எழுத்தில் தந்திருக்கிறார். மாதம் 25 நாள் வேலை என்று உங்கள் கோரிக்கையில் இருக்கிறது. அவருடைய வரவுக் கொப்பியைப் பார்த்தோம். ஒன்பது மாதங்களில் சராசரி 21 நாள், நவம்பர் முதல் ஜனவரி வரை மழை காரணமாக 13 நாள். வருடத்துக்கு 228 நாள், அதாவது மாதம் 85,500 ரூபா. வீட்டுத் தோட்ட வருமானமாக நீங்கள் கேட்ட 20,000 ரூபாவை முழுதாக ஏற்கவில்லை, தோட்டத்தை இப்போதும் நீங்கள் செய்கிறீர்கள். அவர் செய்த வேலைக்கு ஆள் பிடிக்கும் கூலியாக 6,000 ரூபா சேர்த்தோம். மொத்தம் 91,500 ரூபா.

குடும்பத்தில் ஐந்து பேர். அவருடைய சொந்தச் செலவுக்குக் கால்பங்கைக் கழித்தால் 68,625 ரூபா. வருடத்துக்கு 823,500 ரூபா. அவருக்கு வயது 41. அறுபது வரை உழைத்திருப்பார் என்று எடுத்தால் 19 வருடம். ஆனால் 19ஆல் பெருக்கவில்லை, 12ஆல் பெருக்கினோம். பல வருடங்களில் வரவேண்டிய பணம் ஒரே தடவையில் கைக்கு வருகிறது, வங்கியில் போட்டால் வட்டியும் வரும். உழைப்பு இடையில் தடைப்படவும் இடமுண்டு. 12 என்பது எங்கள் மதிப்பீடு. வேறு எண்ணைச் சொல்லி உங்கள் சட்டத்தரணி வாதிடலாம். இப்படி வந்தது 9,882,000 ரூபா.

அடுத்தது, உங்களுக்கு மனவருத்தம் தரக்கூடிய பகுதி. பொலிஸ் வரைபடத்தில் டிப்பரின் பிரேக் தடம் 31 மீற்றர். அது வேகமாக வந்தது என்பதில் எங்களுக்கும் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கணவர் வலப்பக்க ஒழுங்கைக்குத் திரும்பும்போது சிக்னல் போட்டதாகக் கடைக் கமராவில் தெரியவில்லை. ஆரம்பத்தில் இதற்காக 25 வீதம் குறைக்க எண்ணினோம். மோட்டார் சைக்கிளைச் சோதித்தபோது சிக்னல் சுவிட்ச் வலப்பக்கம் போட்டபடியே இருந்தது. மோதிய வேகத்தில் அது நகர்ந்திருக்கவும் கூடும் என்பதால் முற்றாக விட முடியவில்லை. 15 வீதமாகக் குறைத்தோம். அது 1,482,300 ரூபா. இது எங்கள் நிலைப்பாடு மட்டுமே, நீதிமன்றத்தின் முடிவல்ல. உங்கள் கணவர் கவனமில்லாதவர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஹெல்மெட் அணிந்திருந்தார் என்பதும் பதிவில் இருக்கிறது.

மீதி 8,399,700 ரூபா. பற்றுச்சீட்டுள்ள ஈமச் செலவு 185,000, தனியாரிடம் எடுத்த ஸ்கான், மருந்துச் செலவு 38,400, மோட்டார் சைக்கிளுக்கு 165,000 ரூபா. 31ஆம் நாள் கிரியைச் செலவைச் சேர்க்க முடியவில்லை, மன்னிக்கவும். உங்கள் துணையும் பிள்ளைகளின் தகப்பனும் இல்லாமல் போனதற்கென 900,000 ரூபா தருகிறோம். இவை எதிலும் 15 வீதத்தைக் கழிக்கவில்லை. மொத்தம் 9,688,100 ரூபா. ஏப்ரலில் தந்த 200,000 ரூபா முற்பணம் போக, இப்போது தர முன்வரும் தொகை 9,488,100 ரூபா.

பகிர்வை இப்படி யோசித்திருக்கிறோம்: மகனுக்கும் மகளுக்கும் தலா 1,700,000, மாமியாருக்கு 900,000, உங்களுக்கு 5,188,100 ரூபா. பிள்ளைகளின் பங்கு நீதிமன்ற அனுமதியுடன் அவர்கள் பேரில் நிலையான வைப்பில் இடப்பட்டு, 18 வயதானதும் அவர்கள் கைக்குப் போகும். பாடசாலைச் செலவுக்கு வட்டியை எடுக்க விரும்பினால் அதையும் நீதிமன்றத்திடம் கேட்கலாம். மாமியாருக்கு இந்தப் பகிர்வு சரிதானா என்று அவரிடமே கேளுங்கள்; அவர் கையொப்பமும் வேண்டும்.

இந்தத் தொகையை ஏற்றால், டிப்பர் உரிமையாளரிடமோ எங்களிடமோ இதே விபத்துக்காக மீண்டும் பணம் கோர முடியாது. களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றத்தில் சாரதிமீது நடக்கும் வழக்கு வேறு. இந்தத் தீர்வு அதைத் தொடாது. அங்கு எதையும் விட்டுக்கொடுக்கும்படி யாராவது எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால், அது எங்கள் வேலையல்ல, உடனே எங்களுக்குச் சொல்லுங்கள்.

கையெழுத்திட அவசரப்பட வேண்டாம். முன்மொழிவு 2025 ஒக்டோபர் 31 வரை நிற்கும். அதற்குள் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் கேட்கலாம். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடக் கால எல்லை இருக்கிறது, எங்களோடு பேசிக்கொண்டிருப்பதால் அது நீளாது. கணக்கில் எந்த வரி பிழையென்று நினைத்தாலும் ஆதாரத்தோடு எழுதுங்கள், திரும்பவும் பார்ப்போம். கூடுதல் வேலை நாட்களைக் காட்டும் இன்னொரு கொப்பி இருந்தால் அதையும் அனுப்புங்கள்.

ஏற்பதாக இருந்தால், கிராம உத்தியோகத்தரின் தங்கிவாழ்வோர் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். நீதிமன்ற அனுமதி கிடைத்து 14 நாட்களுக்குள் பணம் கணக்கில் இடப்படும்.

இங்ஙனம்,
முகாமையாளர்
உரிமைக்கோரல் பிரிவு