அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும்
(மும்பையில் தமிழில் அறிவியல் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு)

சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அமைந்திருக்கும். குளோரினின் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்று இருக்கும். சோடியம் கடைசிக் கூட்டிலுள்ள ஒன்றைக் கொடுத்தால் நியான் போல 2, 8 ஆகும். குளோரின் அதை வாங்கினால் ஆர்கான் போல 2, 8, 8 ஆகும். கொடுத்தது Na⁺, வாங்கியது Cl⁻. எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. இந்த இழுப்புதான் அயனிப் பிணைப்பு.

ஒன்றைக் கவனியுங்கள். சோடியம் ஆசை ஆசையாகக் கொடுத்துவிடுவதில்லை. அந்த எலக்ட்ரானைப் பிடுங்க ஆற்றல் செலவாகும். குளோரின் வாங்கும்போது வெளிவரும் ஆற்றல் அதற்குப் போதாது. கோடிக்கணக்கான அயனிகள் அடுக்கடுக்காக நெருங்கி உட்காரும்போது வெளிவரும் ஆற்றல்தான் அந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. உப்பில் ஒவ்வொரு Na⁺-ஐச் சுற்றியும் ஆறு Cl⁻, ஒவ்வொரு Cl⁻-ஐச் சுற்றியும் ஆறு Na⁺. ஆகவே ‘ஒரு உப்பு மூலக்கூறு’ என்று எழுதினால் மார்க் போய்விடும்! கல் உப்பை லென்ஸில் பாருங்கள். சதுரமான முகங்கள் தெரியும். அந்த அடுக்குதான் அது. அதைக் குலைக்கக் கிட்டத்தட்ட 801°C வேண்டும்.

சரி, இரண்டு குளோரின் அணுக்கள் சந்தித்தால்? கடைசிக் கூட்டில் எட்டு ஆவதற்கு இரண்டுக்குமே ஒன்று குறைகிறது. கொடுக்க யாரும் தயாரில்லை. அதனால் ஆளுக்கு ஒன்று போட்டு, ஒரு ஜோடியைப் பொதுவாக வைத்துக்கொள்கின்றன. இது சகப்பிணைப்பு. சாலில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு பொதுக் குழாய் இருந்தால், இந்த வீட்டிலும் தண்ணீர் வசதி உண்டு, அந்த வீட்டிலும் உண்டு என்றுதானே சொல்வோம்? அப்படியே பொது ஜோடியை இரண்டு அணுவின் கணக்கிலும் எண்ண வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறி, ஒரு பக்கம் மட்டும் எண்ணி ‘எட்டு வரவில்லையே’ என்று விழிக்கிறார்கள்.

தண்ணீரில் ஆக்சிஜன் 2, 6. இரண்டு குறைவதால் இரண்டு ஹைட்ரஜனோடு இரண்டு ஜோடிகளைப் பகிர்கிறது. ஹைட்ரஜனுக்கு இரண்டு எலக்ட்ரான் போதும், எட்டு தேடாதீர்கள். இங்கே H₂O என்ற தனித்தனி மூலக்கூறுகள் உண்மையாகவே உண்டு. மூலக்கூறுகளுக்கு இடையே இழுப்பு குறைவு. தண்ணீர் 100°C-யில் கொதிக்கும்போது பிரிவது மூலக்கூறுகள்தான். உள்ளே இருக்கும் சகப்பிணைப்பு அப்படியே இருக்கும்.

பள்ளி லேபில், டீச்சர் முன்னால், 9 வோல்ட் பேட்டரியும் சின்ன பல்பும் வைத்துப் பாருங்கள். காய்ந்த உப்பில் பல்பு எரியாது. அயனிகள் அசைய முடியாது. நல்ல உப்புக் கரைசலில் எரியும். சர்க்கரைக் கரைசலில் எரியாது, அதில் அயனி இல்லை. ரொம்ப நேரம் விடாதீர்கள், குளோரின் வாடை வரும்.

வீட்டுப்பாடம்: மெக்னீசியம் 2, 8, 2. அது எத்தனை குளோரினுக்குக் கொடுக்கும்? கார்பன் 2, 4. அது எத்தனை ஹைட்ரஜனோடு பகிரும்? இரண்டையும் புள்ளி வைத்து வரைந்து வாருங்கள்.