வகுப்பாசிரியைக்கு ஜெனிபாவின் அம்மா எழுதும் கடிதம்

தங்கச்சிமடம்
ஜூலை 11

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்தாம் வகுப்பு ஜெனிபாவின் அம்மா எழுதுகிறேன். வகுப்பில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவதாகவும், வாசிக்க எழுப்பினால் வாயே திறப்பதில்லை என்றும் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அவள் அடம்பிடிக்கவில்லை, டீச்சர். அதே பாடத்தை வீட்டில் தம்பிக்குக் கடகடவென்று வாசித்துக் காட்டுகிறாள். பயம்தான் அவள் வாயைக் கட்டிப்போடுகிறது.

அவள் அப்பா ராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். திங்கள், புதன், சனியில் போனால் மறுநாள்தான் கரை. அதனால் செவ்வாயும் வியாழனும் விடியும் முன்பே எழுந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். இட்லியைத் தொடுவதில்லை. சடை பின்னும்போது கையைப் பிடித்தால் உள்ளங்கை நனைந்து கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் அவர் வீட்டில் இருந்தார். அப்போது வயிற்று வலி என்ற பேச்சே இல்லை.

போன மாதம் காலை வழிபாட்டில் செய்தி வாசித்த பிள்ளை, இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துச் சென்றதாக வாசித்திருக்கிறாள். அது வேறு ஊர்ப் படகு என்று எங்களுக்குத் தெரியும். வரிசையில் நின்ற இவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்துதான் கூடிவிட்டது.

ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காட்டினோம். வயிற்றில் கோளாறு இல்லை, மனப்பதற்றம்தான் என்றார் மருத்துவர். பயப்படுவதையெல்லாம் விட்டு ஒதுங்கினால் பயம் இன்னும் வளரும், பள்ளியை நிறுத்தாதீர்கள், சிறிது சிறிதாகப் பழக்குங்கள் என்றார். அதனால் அவளுக்கு முழு விலக்கு வேண்டாம்.

வாசிப்பை முதலில் உங்கள் மேசை அருகே மெதுவாக வாசிக்க வையுங்கள். பிறகு பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து, அதன்பின் தனியாக. இன்று உன் முறை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், திடீரென்று பெயர் சொல்லி எழுப்புவதுதான் அவளை உலுக்குகிறது. வயிறு வலிக்கிறது என்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். காய்ச்சல் இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள். வராந்தாவில் தண்ணீர் குடித்து ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் தானே வரட்டும். மீனவர் செய்தி வரும் நாளில் வழிபாட்டுக்கு முன்பே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மற்ற பிள்ளைகள் முன் இதைப் பற்றிப் பேச வேண்டாம். கேலி செய்தால் தாங்கமாட்டாள்.

இன்னொன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் அவளுக்கு இதுதான் பெரிது. படகு கரைக்கு வந்ததும் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்கிறேன். “அப்பா வந்துவிட்டார்” என்று ஒரே ஒரு முறை அவளிடம் சொல்ல முடியுமா? படகு தாமதமானால் எதுவும் சொல்ல வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டாலும், “தகவல் வந்ததும் சொல்கிறேன்” என்பது போதும்.

திங்கட்கிழமை மாலை நான்கரை மணிக்குப் பள்ளிக்கு வருகிறேன். அந்த நேரம் உங்களுக்குச் சரிப்படாவிட்டால் அவளுடைய டைரியில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஜெனிபாவின் அம்மா
சகாயராணி