பக்கத்தில் வைத்தால் உவமை, ஒன்றாக்கினால் உருவகம்

தமிழ்மொழி, ஐந்தாம் ஆண்டு. இரண்டு பாடவேளை. தேவையானவை: வெள்ளைத் தாள் இரண்டு, பென்சில், வண்ணப் பென்சில்.

மாணவர்களே, உவமைத்தொடர்கள் உங்களுக்கு நன்றாகத் தெரியும். இலைமறை காய் போல என்றால் வெளியில் தெரியாத திறமை. பசுமரத்தாணி போல என்றால் மனத்தில் ஆழப் பதிவது. பொருள் கேட்டால் உடனே கையை உயர்த்திவிடுகிறீர்கள். இன்றைக்கு நான் கேட்கப்போவது வேறு. இலைமறை காயை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?

மாமரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். முதலில் ஒரு காயும் தெரியாது. இலையும் பச்சை, காயும் பச்சை. காற்று அடித்துக் கிளை அசையும்போது ஒன்று தெரியும். ஒன்றைக் கண்டுவிட்டால் அப்புறம் அதன் பக்கத்திலேயே இன்னும் நாலைந்து தெரியும். அந்தத் தொடரை முதலில் சொன்னவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் ஒரு மரத்தை நின்று பார்த்தவர். அவர் பார்த்ததைத்தான் நாம் மனனம் செய்கிறோம். இன்று நீங்களே பார்த்து, நீங்களே சொல்லப்போகிறீர்கள். அதற்குப் பினாங்கை விட நல்ல இடம் வேண்டுமா?

முதலில் ஒரு தே தாரிக்

ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றும் அண்ணனை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு குவளை தலைக்கு மேலே, இன்னொன்று இடுப்புக்குக் கீழே. நடுவில் தேநீர் அறுபடாமல் நீளும். இதை இப்படி எழுதலாம்:

*அண்ணனின் இரண்டு கைகளுக்கும் நடுவில் தேநீர் கயிறு போல நீண்டது.*

இது உவமை. இதில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது உவமேயம்: தேநீர். எதனோடு ஒப்பிடுகிறோமோ அது உவமானம்: கயிறு. இரண்டையும் இணைக்கும் சொல் உவம உருபு: போல. நான்காவது பொதுத்தன்மை, அதாவது இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் இயல்பு. இங்கே அது அறுபடாமல் நீளுவது.

உவம உருபுகள் பல உண்டு. போல, ஒப்ப, நிகர, அன்ன என்று பழைய இலக்கணம் ஒரு வரிசையே தருகிறது. உங்கள் கட்டுரைக்குப் 'போல', 'போன்ற' இரண்டும் போதும். நான்கில் நான் அதிகம் கவனிப்பது பொதுத்தன்மையைத்தான். அது சரியாக இல்லை என்றால் மற்ற மூன்றும் இருந்து பயனில்லை.

'ஃபெரி மீன் போலக் கடலில் சென்றது' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். பொதுத்தன்மை என்ன? இரண்டும் தண்ணீரில் இருக்கின்றன. படகும் பாசியும் கூடத் தண்ணீரில்தான் இருக்கின்றன. அப்படியானால் இந்த உவமை ஃபெரியைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் பாருங்கள். ஃபெரி ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த் போகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறது, மறுபடியும் போகிறது. 'எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவரைப் போல, ஃபெரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்ப் போய் வந்தது.' இப்போது அது ஃபெரிக்கு மட்டுமே பொருந்தும் உவமை.

நீங்கள் படித்த குறள் ஒன்றையும் இப்படிப் பிரித்துப் பார்ப்போம்.

*அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை*
*இகழ்வார்ப் பொறுத்தல் தலை.* (151)

நிலம் உவமானம். தன்னைத் திட்டுகிறவரையும் பொறுத்துக்கொள்வது உவமேயம். வள்ளுவர் வெறும் 'நிலம் போல' என்று விடவில்லை. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்' என்கிறார். நிலத்தைத் தோண்டுகிறவர் எங்கே நின்று தோண்டுகிறார்? அந்த நிலத்தின் மேலேதான். தன்னைக் காயப்படுத்துகிறவரையே நிலம் சுமந்துகொண்டிருக்கிறது. முன்னால் சேர்த்த அந்த இரண்டு சொற்களால்தான் பொறுமை நம் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் உவமானத்துக்கு முன்னாலும் இப்படி ஒன்றிரண்டு சொல் சேர்க்க முயற்சி செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 'போல' வந்தால் எல்லாம் உவமை ஆகிவிடாது. 'மழை வருவது போல இருக்கிறது' என்றால் அது ஊகம். 'அண்ணனைப் போல நானும் கபடி விளையாடுவேன்' என்றால் இருவரும் ஒரே காரியம் செய்கிறார்கள், அவ்வளவுதான். உவமைக்கு வேறு வேறு வகையான இரண்டு பொருள்கள் வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே வகை. தேநீரும் கயிறும் வேறு வகை.

கயிறே ஆகிவிட்டால்

இப்போது 'போல' என்பதை எடுத்துவிடுவோம்.

*அண்ணன் தேநீர்க் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.*

தேநீர் கயிறு போல இல்லை, கயிறாகவே ஆகிவிட்டது. இதுதான் உருவகம். உவமையில் இரண்டு பொருள்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

தமிழில் இதைச் சொல்வரிசையிலேயே காட்டிவிடலாம். மலரடி என்றால் மலர் போன்ற அடி. 'போன்ற' மறைந்திருந்தாலும் அது உவமைதான். அடிமலர் என்று மாற்றினால் அடியாகிய மலர், அது உருவகம். மதிமுகம் உவமை, முகமதி உருவகம். உருவகத்தில் உவமேயம் முன்னால் வரும், உவமானம் பின்னால் வரும். கோபத்தீ, அன்புமழை, கண்ணீர்க்கடல் எல்லாம் இந்த வரிசையில் அமைந்தவை.

உருவகம் எழுதுவதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. கோபத்தைத் தீ என்று சொல்லிவிட்டால், அடுத்து வரும் வினைச்சொல்லும் தீக்குரியதாக இருக்க வேண்டும். கோபத்தீ மூளலாம், எரியலாம், அணையலாம். யாராவது அதில் எண்ணெய் ஊற்றலாம். 'கோபத்தீ வழிந்தது' என்று எழுதினால் படம் உடைந்துபோகும். தீ எங்காவது வழியுமா? மேலே 'தேநீர்க் கயிற்றை ஊற்றினார்' என்று எழுதாமல் 'இழுத்தார்' என்று எழுதியதும் இதற்காகத்தான்.

*பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்*
*இறைவன் அடிசேரா தார்.* (10)

பிறவியைக் கடல் என்று உருவகம் செய்த வள்ளுவர், 'கடப்பர்' என்று சொல்லவில்லை, 'நீந்துவர்' என்கிறார். கடல் என்றால் நீந்தத்தானே வேண்டும்! ஒரு வினைச்சொல்லில் அலை, ஆழம், கைகால் களைப்பு எல்லாம் வந்துவிடுகின்றன. எனக்கு இந்தக் குறளில் மிகவும் பிடித்த சொல் அதுதான்.

எல்லா உருவகமும் கூட்டுச்சொல்லாக வர வேண்டும் என்பதில்லை. முழு வாக்கியமே உருவகமாக இருக்கலாம். தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் உங்கள் வயிறு எப்படி இருக்கும்? 'என் வயிற்றுக்குள் கொடிமலை ரயில் இறங்கிக்கொண்டிருந்தது.' பயம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதைக் காட்ட, நாம் எல்லாரும் ஏறி இறங்கிய செங்குத்தான ரயிலைக் கொண்டுவந்துவிட்டோம்.

இனி உங்கள் முறை: எழுதுவது

முதல் தாளை எடுங்கள். நீங்கள் உண்மையில் பார்த்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள், ரதம் வரும் சாலையில் உடைந்து கிடக்கும் தேங்காய்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள். பாலத்தில் மாலை நேரத்து வாகன நெரிசல். நாசி கண்டார் கடையில் மதிய வரிசை. பாட்டி பூக்கட்டும் விரல்கள். இவை எதுவும் வேண்டாம் என்றால் உங்கள் வீட்டு மின்விசிறியாகவும் இருக்கலாம்.

மூன்று வாக்கியம் எழுத வேண்டும். முதலாவது சாதாரண வாக்கியம், பார்த்ததை மட்டும் சொல்வது. இரண்டாவது உவமை. மூன்றாவது உருவகம். என் எடுத்துக்காட்டு இது:

*சிற்றுண்டிச்சாலைக் கூரையில் மழை பலமாகப் பெய்ததால் பேசியது யாருக்கும் கேட்கவில்லை.*
*யாரோ மூட்டை மூட்டையாகக் கோலிகளைக் கொட்டியது போல, மழை தகரக் கூரையில் சத்தமிட்டது.*
*மழைக்கோலிகள் கூரையெங்கும் உருண்டோடின.*

முதல் வாக்கியத்தை அவசரமாக எழுதாதீர்கள். அதில் சத்தத்தைக் கவனித்ததால்தான் கோலி கிடைத்தது. ஈரத்தை மட்டும் கவனித்திருந்தால் வேறு உவமானம் வந்திருக்கும்.

நிலா போன்ற முகம், முத்துப் போன்ற பல், பஞ்சு போன்ற மேகம் ஆகிய மூன்றையும் இன்று பயன்படுத்தக் கூடாது. அவை தவறல்ல, ஆனால் அவற்றை ஏற்கெனவே வேறு யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

யோசனை வரவில்லை என்றால் உங்களையே கேளுங்கள்: இது என்ன சத்தம் போடுகிறது? எப்படி அசைகிறது? தொட்டால் எப்படி இருக்கும்? கொடிமலை ரயிலில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். 'அது எப்படி அசைகிறது' என்று கேட்டால் தராசின் இரண்டு தட்டுகள் நினைவுக்கு வரலாம். 'ரயில் பாம்பு போலச் சென்றது' என்று எழுதுகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வரைவது

இரண்டாவது தாளைப் பாதியாக மடியுங்கள். மேல் பாதி உவமைக்கு, கீழ்ப் பாதி உருவகத்துக்கு.

உவமைக்கு இரண்டு படங்கள் வரையுங்கள். இடப்பக்கம் உவமேயம், வலப்பக்கம் உவமானம். பென்சிலால் மட்டும் வரைந்து, பொதுத்தன்மை எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் வண்ணம் பூசுங்கள். தே தாரிக் படத்தில் குவளைக்கோ அண்ணனின் சட்டைக்கோ வண்ணம் வேண்டாம். நீளும் தேநீருக்கும் வலப்பக்கத்துக் கயிற்றுக்கும் மட்டும் ஒரே பழுப்பு நிறம். எதற்கு வண்ணம் பூசுவது என்று தெரியாமல் கை நின்றுவிட்டால், உங்கள் உவமையில் பொதுத்தன்மை இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். அழிப்பானை எடுக்க வேண்டியது படத்துக்கு அல்ல, வாக்கியத்துக்கு.

உருவகத்துக்கு ஒரே படம். இரண்டு பொருளும் அதில் கலந்திருக்க வேண்டும். குவளையிலிருந்து வருவது முறுக்கு முறுக்கான கயிறு. அதன் நுனியிலிருந்து தேநீர் சொட்டுகிறது. இங்கே முழுவதும் வண்ணம் பூசலாம். படம் அழகாக வருகிறதா என்று கவலைப்பட வேண்டாம். நான் பார்க்கப்போவது இரண்டும் எப்படி ஒன்றாகியிருக்கின்றன என்பதை.

வரைந்து முடித்ததும் வாக்கியத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படத்தை மட்டும் பக்கத்து நண்பரிடம் கொடுங்கள். அவர் படத்தைப் பார்த்து உவமையைச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதையே அவர் சொன்னால் நல்லது. வேறொன்றைச் சொன்னால் சண்டை வேண்டாம். அவர் சொன்னது உங்களுடையதை விட நன்றாக இருந்தால் அதையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்தும் அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றால், மேசைக்குத் திரும்பிப்போய்ப் பொதுத்தன்மையை இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

முடிக்காதவர்கள் வீட்டில் முடித்து வெள்ளிக்கிழமை கொண்டு வாருங்கள். எல்லாத் தாள்களையும் வகுப்பின் பின்சுவரில் ஒட்டுவோம். பெயரைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். முன்பக்கத்தில் பெயர் இருந்தால், யார் எழுதியது என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம்தான் எல்லாரும் வாக்கியத்தைப் படிப்பார்கள்.