தண்டையார்பேட்டை வீடு: கையெழுத்துக்கு முன்னாடி படிக்க

சரோஜா அக்காவுக்கு,

வணக்கம். உங்க வீட்டை நான் வித்துத் தர்றதுக்காக நேத்து கொடுத்துட்டு வந்த மூணு பக்க அக்ரிமென்ட்ல என்ன இருக்குன்னு பேச்சுத் தமிழ்லயே எழுதி அனுப்புறேன். உங்க பிள்ளைங்க பாப்பாவுக்கும் தம்பிக்கும் இதைக் காட்டுங்க. உங்க வீட்டுக்காரர் அண்ணன் உயில் எழுதி வைக்காமலே தவறிட்டதால வீட்டுல உங்க மூணு பேருக்கும் பங்கு உண்டு. உங்க கையெழுத்தை மட்டும் வாங்கிட்டு நான் வேலையை ஆரம்பிச்சா, நாளைக்கு வாங்க வர்றவரோட வக்கீல் முதல் கேள்வியிலேயே நிறுத்திடுவார். அதனால மூணு கையெழுத்தும் ஆகணும்.

'எக்ஸ்க்ளூசிவ்'னு போட்டிருக்கிறதுக்கு அர்த்தம், ஒப்பந்தக் காலம் முழுக்க வீட்டை விக்கிற பொறுப்பு என் ஒருத்தன்கிட்ட மட்டும்தான். வேற புரோக்கர் ஆள் கூட்டிட்டு வந்தா, என் நம்பரைக் கொடுத்து அனுப்பிடுங்க. அவருக்குண்டான பங்கை என் கமிஷன்லேர்ந்தே நான் கொடுப்பேன். இப்ப உங்க வீடு நாலு பேர் கையில நாலு ரேட்ல சுத்துது. 1 கோடியே 20 லட்சம்னு ஒருத்தர், 1 கோடியே 5 லட்சம்னு இன்னொருத்தர். வாங்குறவங்க ரெண்டையும் பார்த்துட்டு, ஏதோ அவசரத்துல விக்கிறாங்கன்னு நினைச்சு இன்னும் கீழே கேக்குறாங்க.

காலம் 90 நாள். ஆகஸ்ட் 17-ல ஆரம்பிச்சு நவம்பர் 14-ல முடியும். ஆடியில யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டாங்க, ஆவணி பிறந்ததும் ஆரம்பிச்சாதான் நாள் வீணாகாது. மார்கழி வரைக்கும் இழுக்கவும் எனக்கு விருப்பமில்லை. நடுவுல அக்டோபர் மழை வரும். நம்ம பக்கம் தெருவுல தண்ணி நிக்குதான்னு பார்க்கவே சில பேர் மழைக்கு அப்புறம்தான் வருவாங்க. உங்க தெரு மேடு, அதனால அது நமக்கு நல்லதுதான். 90 நாள் முடிஞ்சா தானா புதுப்பிக்காது. 45 நாள் கழிச்சு என் வேலை பிடிக்கலைன்னா, 15 நாள் முன்னாடி வாட்ஸ்அப்ல எழுதிச் சொல்லிட்டு விலகிக்கலாம். அபராதம் கிடையாது.

கமிஷன் ஒன்றரை சதவீதம். 1 கோடியே 20 லட்சத்துக்குப் போனா 1,80,000 ரூபாய். 1 கோடியே 15 லட்சத்துக்குப் போனா 1,72,500. பத்திரம் பதிவான அன்னைக்குத்தான் கொடுக்கணும், அட்வான்ஸ் வாங்கின அன்னைக்கு இல்லை. வாங்குறவர் நடுவுல பின்வாங்கினா எனக்கு ஒரு பைசா வேண்டாம். ஜிஎஸ்டி பதிவு அளவுக்கு என் வருஷ வரவு இல்லாததால 18 சதவீதம் மேலே சேராது. போட்டோ, விளம்பரச் செலவு என்னோடது.

எனக்குச் சாதகமா ரெண்டு வரி இருக்கு, அதை நல்லாப் படிங்க. நான் கூட்டிட்டு வந்து வீட்டைக் காட்டின ஆள், காலம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள உங்ககிட்ட நேரடியா வாங்கினாலும் கமிஷன் உண்டு. அந்தப் பெயர்களை நவம்பர் 14-ம் தேதிக்குள்ள எழுத்துல கொடுத்திடுவேன். அதுல இல்லாத ஆளுக்கு நான் கேக்க முடியாது. ரெண்டாவது, கேட்ட விலையை முழுசாக் கொடுக்கத் தயாரா ஒருத்தர் வந்து, ஆவணமும் சரியா இருந்து, நீங்க விக்கலைன்னு சொன்னீங்கன்னா பாதிக் கமிஷன். பெரம்பூர்ல இருக்கிற உங்க அக்கா பையன் கேட்டிருக்கார்னு சொன்னீங்களே, அவர் வாங்கினா கமிஷன் இல்லைன்னு பேரோட தனியா எழுதிட்டேன்.

நான் கொடுக்கிற வாக்கு: வர்ற ஆளுக்கு விலையை ஏத்திச் சொல்லி, வித்தியாசத்தை நான் வச்சுக்க மாட்டேன். நம்ம தொழில்ல இது நடக்கிறதுதான், மறைக்கிறதுல அர்த்தமில்லை. அதனால விலை பேசுறப்ப நீங்களும் உட்காரணும். வாங்குறவர்கிட்ட கமிஷன் வாங்க மாட்டேன், ரெண்டு பக்கமும் வாங்குறவன் யாருக்காகப் பேசுவான்? அட்வான்ஸ் என் கைக்கு வராது, காசோலையாகவோ வங்கி மூலமாவோ உங்க மூணு பேர் கணக்குக்குப் போகும். 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வருமான வரித் தொல்லை. விலை 50 லட்சத்தைத் தாண்டுறதால வாங்குறவர் 1 சதவீதம் பிடிச்சு வரியாக் கட்டுவார், அது உங்க பான் கணக்குல வரும்.

30 வருஷ வில்லங்கச் சான்று எடுக்கிறதும், அண்ணன் பேர்ல இருக்கிற பட்டாவை உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிக்கிறதும் என் வேலை. பட்டா எத்தனை நாள்ல வரும்னு வாக்குக் கொடுக்க முடியாது. இத்தனை ரூபாய்க்கு வித்துத் தர்றேன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் யார் வந்தாங்க, என்ன கேட்டாங்க, ஏன் வேண்டாம்னாங்கன்னு எழுதி அனுப்பிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு ரெண்டு பிரதியோட வர்றேன். அண்ணனோட இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம் மூணையும் பார்வைக்கு எடுத்து வைங்க. அசலை நான் எடுத்துட்டுப் போக மாட்டேன், ஜெராக்ஸ் போதும். கோயம்புத்தூர்ல இருக்கிற பாப்பா அன்னைக்கு வர முடியலைன்னா, அவங்க பிரதியைத் தபால்ல அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கலாம், அதுவரைக்கும் விளம்பரம் போட மாட்டேன்.

இப்படிக்கு,
முருகன்
காலடிப்பேட்டை