நங்கநல்லூர் இரண்டரை கிரவுண்ட் மனை: கூட்டு மேம்பாட்டுக்கான முன்மொழிவு

நங்கநல்லூர், சென்னை
12 ஜனவரி 2026

பெறுநர்: நிர்வாகப் பங்குதாரர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன ஞாயிறன்று வீட்டுக்கு வந்து மனையைப் பார்த்தபோது, எங்கள் நிபந்தனைகளை எழுத்தில் கேட்டிருந்தீர்கள். அம்மா, தம்பி, தங்கை ஆகியோருடன் பேசி, நால்வரும் ஒப்புக்கொண்டதையே இதில் எழுதியிருக்கிறேன்.

மனை 60க்கு 100 அடி. மொத்தம் 6,000 சதுர அடி, அதாவது சுமார் 557 சதுர மீட்டர். அப்பா 1981இல் கிரயம் வாங்கி, 1983இல் வீடு கட்டினார். அவர் காலமான பிறகு வாரிசுச் சான்றிதழ் பெற்று, பட்டாவை நால்வர் பெயரிலும் கூட்டாக மாற்றிவிட்டோம். வில்லங்கச் சான்று 1975 முதல் போட்டுப் பார்த்ததில் அடமானமோ வழக்கோ இல்லை. நகல்களை இணைத்துள்ளேன். உங்கள் வக்கீல் தாய்ப்பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் சரிபார்க்கட்டும்.

எவ்வளவு கட்டலாம், யாருக்கு எவ்வளவு

எஃப்.எஸ்.ஐ. 2 என்ற கணக்கில் 12,000 சதுர அடி வருகிறது. ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு மேல் ஐந்து தளம், தளத்துக்கு இரண்டு வீடு, மொத்தம் பத்து வீடு என்று எடுத்துக்கொண்டேன். பங்கு 50:50. ஐந்து வீடு எங்களுக்கு, ஐந்து வீடு உங்களுக்கு. நிலத்தின் பிரிபடாத பாகமும் அதே விகிதத்தில் 3,000 சதுர அடி உங்கள் பக்கம் வரும்.

எங்களுக்கு வேண்டியவை முதல் தளத்தில் இரண்டும், இரண்டாம், மூன்றாம், நான்காம் தளங்களில் கிழக்குப் பார்த்த வீடு ஒவ்வொன்றும். முதல் தளம் கேட்பதற்குக் காரணம் அம்மா. வயது 76, முழங்கால் வலி. லிஃப்ட் நின்றுபோனாலும் ஒரு மாடி என்றால் பிடித்து ஏற்றிவிடலாம். எந்த வீடு யாருக்கு என்பதை வரைபடத்தில் குறித்து, ஒப்பந்தத்தின் பகுதியாகவே பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு ஒரு மூடிய கார் பார்க்கிங். மொட்டைமாடி பத்து வீட்டுக்கும் பொது. அதை யாருக்கும் தனியாக விற்கக் கூடாது.

தெருவின் அகலத்தை நானே டேப் வைத்து அளந்தேன். எங்கள் காம்பவுண்டிலிருந்து எதிர் காம்பவுண்டு வரை 30 அடி 4 அங்குலம். 9 மீட்டர் என்பது 29 அடி 6 அங்குலம்தான் என்பதால், 30 சதவீத பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கேட்க இடமிருக்கிறது. சி.எம்.டி.ஏ. ஆய்வில் இந்த அளவு நின்றால், கூடுதலாகக் கிடைக்கும் 3,600 சதுர அடி வரையிலான பரப்புக்கு நீங்கள் பணம் கட்டுங்கள். அதில் எங்களுக்கு 40 சதவீதம், உங்களுக்கு 60 சதவீதம். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் உயரம் குறைக்கப்பட்டு ஒரு தளம் போனால், அந்த இழப்பை இருவரும் சமமாக ஏற்போம்.

அனுமதிகள் வந்த பிறகே இடிப்பு

இதில் மட்டும் நாங்கள் இறங்கி வர மாட்டோம். உறவினர் ஒருவர் வீட்டை, பிளான் எப்படியும் வந்துவிடும் என்று சொல்லி முதலிலேயே இடித்துவிட்டார்கள். மூன்று வருடம் அங்கே வேலிக்காத்தான்தான் வளர்ந்தது. வாடகை வீட்டிலேயே அந்தப் பெரியவர் கண்ணை மூடினார். என் அம்மாவுக்கு அப்படி நேர விடமாட்டேன்.

எனவே விமான நிலைய ஆணையத்தின் உயரச் சான்று, சி.எம்.டி.ஏ. திட்ட அனுமதி, மாநகராட்சியின் கட்டட அனுமதி, ரெரா பதிவு ஆகிய நான்கும் கையில் வந்த பிறகே வீட்டைக் காலி செய்வோம். மனை 500 சதுர மீட்டருக்கு மேல், வீடுகள் எட்டுக்கு மேல் என்பதால் ரெரா பதிவு கட்டாயம். பதிவுக்கு முன் விளம்பரமோ அட்வான்ஸோ கூடாது. வாங்குபவர்களிடமிருந்து வரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதன் ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கும் வேண்டும்.

அனுமதிக் கட்டணங்கள், மேம்பாட்டுக் கட்டணம், குடிநீர் வாரியம், மின்வாரிய டெபாசிட், டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்பட்டால் அதன் செலவு, எங்கள் ஐந்து வீட்டுக்கான ஜி.எஸ்.டி. எல்லாம் உங்கள் பொறுப்பு. எங்களுக்கான மூலதன ஆதாய வரியை நாங்கள் கட்டிக்கொள்கிறோம். நிறைவுச் சான்று வரும் ஆண்டில்தான் அது விழும் என்று ஆடிட்டர் சொன்னார். அதற்கு ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். ஆகவே பதிவில்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம்.

காலம்

ஒப்பந்தம் பதிவான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நான்கு அனுமதியும் வர வேண்டும். மூன்று மாதம் கூடுதல் அவகாசம் தரலாம். அதற்குப் பிறகும் வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்வோம். அனுமதி வந்த 30 நாளில் காலி செய்துவிடுவோம். அன்றிலிருந்து 18 மாதத்தில் கட்டி முடித்து, 21ஆம் மாத முடிவுக்குள் சி.எம்.டி.ஏ. நிறைவுச் சான்றும் நிரந்தர மின், குடிநீர் இணைப்பும் சேர்த்துச் சாவி தர வேண்டும். சான்று இல்லாத சாவியை ஒப்படைப்பாகக் கணக்கில் எடுக்க மாட்டோம்.

திருப்பித் தரக்கூடிய, வட்டியில்லா முன்பணம் 40 லட்சம். பதிவன்று பாதி, காலி செய்யும் அன்று பாதி. நாங்கள் வெளியே இருக்கும் காலத்துக்கு மாதம் 35,000 ரூபாய் வாடகை. 21 மாதம் தாண்டினால் அது இரட்டிப்பாகும். 27 மாதமும் தாண்டினால் உங்கள் பங்கிலுள்ள கடைசி வீட்டை விற்று, வேறு ஒப்பந்ததாரரை வைத்து மிச்ச வேலையை முடிக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும்.

பவர், பத்திரம்

பொது அதிகாரப் பத்திரம் உங்கள் ஐந்து வீட்டுக்கு மட்டும். நிலத்தையோ எங்கள் வீடுகளையோ அடமானம் வைக்கும் அதிகாரம் அதில் இருக்காது. மூன்றாம் தளக் கான்கிரீட் முடிந்ததும் இரண்டு வீட்டுக்கு விற்பனைப் பத்திரம் போடலாம், பூச்சு வேலை முடிந்ததும் இன்னும் இரண்டுக்கு. ஐந்தாவது வீடு எங்கள் சாவிகள் வந்த பிறகுதான். மூலப் பத்திரங்கள் எங்கள் லாக்கரிலேயே இருக்கும். வாங்குபவர்களின் வங்கி பார்க்க வேண்டுமென்றால் நானே எடுத்து வந்து காட்டுகிறேன்.

கட்டுமானத் தரம் இரு தரப்பு வீட்டுக்கும் ஒன்றுதான். மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த பிறகே அஸ்திவார வரைபடம் போட வேண்டும். கம்பி கட்டியதும் கான்கிரீட் போடுமுன் எங்கள் இன்ஜினீயருக்கு ஒரு நாள் முன்னதாகத் தகவல் தர வேண்டும். கட்டமைப்புக் குறைகளுக்குச் சட்டப்படி ஐந்து ஆண்டுப் பொறுப்பு உங்களுடையது.

இன்னும் இரண்டு விஷயம். வாசல் தேக்குக் கதவும் கூடத்துத் தூண் இரண்டும் இடிப்புப் பொருள் கணக்கில் சேராது, பத்திரமாகக் கழற்றி எங்களிடம் தர வேண்டும். மற்றதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். வடகிழக்கு மூலையில் இருக்கும் உறைகிணற்றை மூடக் கூடாது. 2019 கோடையில் தெருவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது, அதில் காலையில் நாலு வாளியாவது ஊறிக் கிடந்தது. பக்கத்து இரண்டு வீட்டுக்கும் அதுதான் ஓடியது. ஓரத்துக் காலி இடத்திலேயே வருவதால் உங்கள் கட்டடத்துக்கு இடைஞ்சல் இல்லை. மொட்டைமாடி மழைநீரை அதற்குள் இறக்கும்படி பிளானிலேயே காட்டுங்கள்.

பிப்ரவரி 10க்குள் உங்கள் பதிலையும், முதல்நிலை வரைபடத்தையும், கடைசியாக நீங்கள் முடித்த இரண்டு கட்டடங்களின் நிறைவுச் சான்று நகல்களையும் எதிர்பார்க்கிறேன். அந்தக் கட்டடங்களின் நில உரிமையாளர்களை நேரில் சந்திக்கவும் விரும்புகிறோம். தம்பி 14ஆம் தேதி புனேயிலிருந்து வருகிறான். அன்று மாலை வீட்டிலேயே உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
சு. ரகுநாதன்
(அம்மா, தம்பி, தங்கை ஆகியோரின் ஒப்புதலுடன்)

இணைப்பு: கிரயப் பத்திரம், கூட்டுப் பட்டா, வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேடு, சொத்துவரி ரசீது ஆகியவற்றின் நகல்கள்